நான்கு மாணவர்களின் குழு ஒப்படைப்பைக் கொண்டு கிட் கிளைகளையும் இணைப்புகளையும் ஸ்லைடுகளில் விளக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வகுப்புக்கு ஸ்லைடு தயாரிக்கிறேன். எந்த மாதிரியான ஒப்படைப்பை எடுத்துக்கொண்டால் கிளைகளை ஒழுங்காக விளக்க முடியும்?

நால்வரும் நான்கு தனித்தனிக் கோப்புகளில் எழுதும் ஒப்படைப்பைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே யாருடைய வேலையும் யாருடைய வேலையோடும் மோதாது என்பதால், கோப்புகளை ஒரே கோப்புறையில் போட்டால் போதாதா, கிளை எதற்கு என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. இருவர் ஒரே வரியைத் தொட வேண்டும். ஒருவர் எழுதுவது இன்னொருவர் எழுதியதை நம்பி நிற்க வேண்டும். இந்த இரண்டும் உள்ள ஒப்படைப்பே பயன்படும்.

இந்தப் பக்கம் முழுவதும் பின்வரும் ஒப்படைப்பையே எடுத்துக்கொள்கிறேன். மாணவர்கள் நூலகத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செலவிடுகிறார்கள் என்று ஒரு குழு ஆய்வு செய்கிறது. `report.md` என்பது அறிக்கை, `survey.csv` என்பது திரட்டிய தரவு, `average.py` என்பது சராசரியைக் கணக்கிடும் சிறு நிரல். `main` கிளையில் தொடக்கத்தில் இரண்டு கமிட்டுகள் உள்ளன. 1ஆம் கமிட்டில் அறிக்கையின் தலைப்பும் உட்தலைப்புகளும் மட்டும் இருக்கின்றன. 2ஆம் கமிட்டில் 40 பதிவுகள் கொண்ட தரவுக் கோப்பு சேர்கிறது. அதன்பின் நால்வரும் 2ஆம் கமிட்டிலிருந்தே பிரிகிறார்கள். முன்னுரை மாணவி `intro` கிளையில் முன்னுரையை எழுதி, தலைப்பையும் சற்று மாற்றுகிறார். அது 3ஆம் கமிட். தரவு மாணவர் `data` கிளையில், படிவத்தைச் சோதிக்க இடப்பட்ட 4 வெள்ளோட்டப் பதிவுகளை நீக்குகிறார்; அது 4ஆம் கமிட். கணக்கு மாணவர் `calc` கிளையில் நிரலை எழுதுகிறார். அது 5ஆம் கமிட். முடிவுரை மாணவி `summary` கிளையில் முடிவுரையை எழுதி, அவரும் தலைப்பைத் தொடுகிறார்; அது 6ஆம் கமிட்.

மாணவர்களுக்குப் பெயர் சூட்டாமல் அவர்கள் செய்யும் வேலையால் குறிப்பிடுவதே ஸ்லைடுக்கு நல்லது. கிளைக்கும் அதே வேலையின் பெயர்தான் இருக்கும் என்பதால், பார்ப்பவர் யார் எந்தக் கிளையில் இருந்தார் என்று தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை.

கிளை என்றால் கோப்புறையின் நகல் என்று சொல்லித் தொடங்கலாமா? அதுதானே எளிது?

எளிதாகத்தான் இருக்கும், ஆனால் பிறகு வரும் எல்லா ஸ்லைடுகளிலும் அதைத் திருத்திக்கொண்டே இருக்க நேரிடும். நகல் என்று கற்றவர், `main` கிளையில் செய்த மாற்றம் தம் கிளைக்குத் தானாக ஏன் வரவில்லை என்பதை ஒருவாறு புரிந்துகொள்வார். ஆனால் இணைத்தபின் கிளையை அழித்தால் வேலை ஏன் அழிவதில்லை என்பதும், சில இணைப்புகளில் ஏன் புதிதாக எதுவுமே உருவாவதில்லை என்பதும் அவருக்குக் கடைசிவரை விளங்காது.

கிட்டில் கிளை என்பது ஒரு கமிட்டைச் சுட்டும் பெயர்ச் சீட்டு மட்டுமே. வழக்கமான அமைப்பில் புதிய கிளை ஒன்றை உருவாக்கும்போது `.git/refs/heads` என்ற இடத்தில் ஒரு சிறு கோப்பு எழுதப்படுகிறது. அதில் இருப்பது கமிட்டின் 40 எழுத்து அடையாளமும் ஒரு வரிமுறிப்பும், ஆக மொத்தம் 41 பைட். வகுப்பில் திரையில் அந்தக் கோப்பைத் திறந்து காட்டினால், நகல் என்ற எண்ணம் அந்த நொடியே போய்விடும்.

எனவே முதல் ஸ்லைடில் 1, 2 என்ற இரண்டு வட்டங்களையும், 2ஆம் வட்டத்தின்மேல் `main` என்ற சீட்டையும் வரையுங்கள். இரண்டாவது ஸ்லைடில் அதே 2ஆம் வட்டத்தின்மேல் `intro`, `data`, `calc`, `summary` என்ற நான்கு சீட்டுகளையும் அடுக்குங்கள். வட்டம் ஒன்றுகூடக் கூடாமல் கிளைகள் நான்கு கூடியிருப்பதைப் பார்ப்பவர் கவனிக்க வேண்டும். இந்த ஸ்லைடில் சற்று நின்று பேசுவது நல்லது. மூன்றாவது ஸ்லைடில்தான் 3, 4, 5, 6 என்ற வட்டங்கள் 2ஆம் வட்டத்திலிருந்து பிரிந்து முளைக்க, நான்கு சீட்டுகளும் தத்தம் வட்டத்துக்கு நகர்கின்றன. `main` மட்டும் 2ஆம் வட்டத்திலேயே நிற்கிறது.

வட்டங்களின் இடத்தை எல்லா ஸ்லைடுகளிலும் ஒரே புள்ளியில் வைத்திருங்கள். ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஒரே ஒரு மாற்றம் மட்டும் நிகழ வேண்டும். அசைவூட்டம் எதுவும் இல்லாமலேயே சீட்டு நகர்வது கண்ணுக்குப் புலப்படும்.

வட்டங்களுக்கு இடையே அம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? பழையதிலிருந்து புதியதற்குத்தானே?

புதியதிலிருந்து பழையதற்கு. ஒவ்வொரு கமிட்டும் தன் பெற்றோர் எது என்பதைத் தனக்குள் குறித்து வைத்திருக்கிறது; தனக்குப் பின் யார் பிறப்பார்கள் என்பது அதற்குத் தெரியாது. காலத்தின் ஓட்டத்தைக் காட்ட விரும்பினால் படத்துக்கு அடியில் தனியாக ஒரு கோடு போடலாம், வட்டங்களுக்கு இடையே வேண்டாம். அம்பு வேண்டாம் என்று வெறும் கோடாக வரைவதும் ஏற்கத்தக்கதே. ஆனால் இணைப்புக் கமிட்டுக்கு இரண்டு பெற்றோர் என்று பிறகு சொல்லும்போது அம்பு இருப்பது கைகொடுக்கும்.

ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிறம் கொடுத்தால் தெளிவாக இருக்கும் அல்லவா?

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான படங்கள் அப்படித்தான் இருக்கின்றன, ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. 3ஆம் வட்டத்துக்கு `intro` கிளையின் நிறத்தைக் கொடுத்துவிட்டால், அந்தக் கமிட் அந்தக் கிளைக்குச் சொந்தமானது என்று படம் சொல்கிறது. உண்மையில் எந்தக் கிளையில் இருந்தபோது எழுதப்பட்டது என்பதைக் கமிட் தனக்குள் பதிந்து வைப்பதே இல்லை. சற்று நேரத்தில் `main` சீட்டும் அதே வட்டத்தைச் சுட்டப்போகிறது. அப்போது நிறத்தை மாற்றுவதா வேண்டாமா என்ற குழப்பம் வரும்.

எழுதியவரின் பெயர் கமிட்டில் பதியப்படுகிறது. ஆகவே நிறம் வேண்டுமென்றால் மாணவருக்கு ஒரு நிறம் என்று கொடுங்கள். அந்த நிறம் எந்தச் சீட்டு எங்கே நகர்ந்தாலும் மாறாது, கிளை அழிந்த பிறகும் பொய்யாகாது.

முன்னுரைக் கிளையை இணைத்துக் காட்டினேன், இணைப்புக் கமிட்டே வரவில்லை. என் ஸ்லைடில் இரண்டு கோடுகள் சேர்வதுபோல வரைந்திருந்தேன். எது தவறு?

ஸ்லைடுதான் தவறு. கட்டளைகள் இவை:

```
git switch main
git merge intro
```

இந்த நேரத்தில் `main` இன்னும் 2ஆம் கமிட்டில் நிற்கிறது. `intro` நிற்பது அதன் நேர் வாரிசான 3ஆம் கமிட்டில். இரண்டு பக்கமும் வேலை நடந்திருந்தால்தானே சேர்ப்பதற்கு ஏதேனும் இருக்கும்? இங்கே ஒரு பக்கம் மட்டுமே நடந்திருக்கிறது. ஆகவே கிட் `main` சீட்டை 2ஆம் வட்டத்திலிருந்து எடுத்து 3ஆம் வட்டத்தில் ஒட்டிவிட்டு, திரையில் `Fast-forward` என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்கிறது. புதிய வட்டம் பிறக்கவில்லை.

இதை மறைக்காமல் ஒரு முழு ஸ்லைடாகவே வையுங்கள். கிளை என்பது சீட்டுதான் என்று முன்பு சொன்னதற்கு இதைவிட நேரடியான சான்று வேறு கிடைக்காது. `git merge --no-ff intro` என்று கொடுத்து இணைப்புக் கமிட்டைக் கட்டாயமாக உருவாக்க முடியும்; ஒரு வேலை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பது வரலாற்றில் தெரிய வேண்டும் என்று விரும்பும் குழுக்கள் அதைப் பயன்படுத்துகின்றன. முதல் வகுப்பில் அதைச் செய்யாதீர்கள், சீட்டு நகரும் காட்சி கெட்டுப்போகும்.

இரண்டாவதாகத் தரவுக் கிளையை இணைக்கும்போது கிட் எதை எதோடு ஒப்பிடுகிறது? இரண்டு கிளைகளையும்தானே?

மூன்று நிலைகளை. இந்த ஒரு பதிலுக்காகவே மற்ற ஸ்லைடுகளைச் சுருக்கினாலும் தவறில்லை, ஏனெனில் இணைத்தலின் உள்ளடக்கம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இப்போது `main` 3ஆம் கமிட்டில் இருக்கிறது, `data` 4ஆம் கமிட்டில் இருக்கிறது. இரண்டையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். `main` பக்கத்தில் `survey.csv` கோப்பில் 40 பதிவுகள்; `data` பக்கத்தில் 36 பதிவுகள். தரவு மாணவர் நான்கை நீக்கினாரா, அல்லது `main` பக்கத்தில் யாரேனும் நான்கைச் சேர்த்தார்களா? இரண்டு கோப்புகளை மட்டும் பார்த்து எவராலும் இதைச் சொல்ல முடியாது. நீக்கியிருந்தால் முடிவு 36 ஆக வேண்டும், சேர்த்திருந்தால் முடிவு 40 ஆக வேண்டும்.

ஆகவே இரண்டு கிளைகளும் பிரிந்த இடத்தை, அதாவது பொது மூதாதையான 2ஆம் கமிட்டை, கிட் தேடி எடுக்கிறது. அங்கே 40 பதிவுகள் இருந்தன. `main` பக்கம் 40 என்பது மாறவில்லை. `data` பக்கம் மாறியிருக்கிறது. மாறியவரின் பேச்சே எடுத்துக்கொள்ளப்படும், முடிவு 36. இதே போல `report.md` கோப்பில் முன்னுரை மூதாதையில் இல்லை, `main` பக்கம் இருக்கிறது, `data` பக்கம் இல்லை. அங்கேயும் மாறிய பக்கமே வெல்கிறது, முன்னுரை நிலைக்கிறது. தரவு மாணவரின் கிளையில் முன்னுரை இல்லாததால் இணைக்கும்போது அது அழிந்துவிடுமோ என்று மாணவர்கள் அஞ்சுவது மிக இயல்பானது. மூதாதையைக் காட்டினால் அந்த அச்சம் தீரும்.

விதி மூன்று வாக்கியங்களில் அடங்கும். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் அந்த மாற்றம் ஏற்கப்படும். இரு பக்கமும் ஒரே மாதிரி மாறியிருந்தால் அதுவும் ஏற்கப்படும். இரு பக்கமும் ஒரே இடத்தில் வெவ்வேறாக மாறியிருந்தால் கிட் அதை முரண் என்று சொல்லி நிறுத்திவிட்டு மனிதரைக் கேட்கும்.

ஸ்லைடில் மூன்று பெட்டிகளை வரையுங்கள்; நடுவில் மேலே மூதாதை, கீழே இடப்பக்கம் `main`, வலப்பக்கம் `data`. நேரில் காட்ட விரும்பினால் `git merge-base main data` என்ற கட்டளை அந்த மூதாதையின் அடையாளத்தைத் தரும். இணைப்பு முடிந்ததும் இரண்டு பெற்றோர் கொண்ட 7ஆம் கமிட் பிறக்கிறது, `main` அதற்கு நகர்கிறது. `git log --oneline --graph` தருவது ஏறக்குறைய இப்படி இருக்கும். நீண்ட அடையாளங்களுக்குப் பதிலாக நம் வட்ட எண்களை இட்டிருக்கிறேன்:

```
*   7 Merge branch 'data'
|\
| * 4
* | 3
|/
* 2
* 1
```

முரண் எதுவும் இல்லாமல் இணைந்துவிட்டால் எல்லாம் சரி என்று மாணவர்களிடம் சொல்லலாமா?

சொல்லக்கூடாது. கணக்கு மாணவரின் கிளையை மூன்றாவதாக வைத்ததே இதைக் காட்டத்தான்.

அவர் 2ஆம் கமிட்டிலிருந்து பிரிந்தவர். அவர் கண்ட தரவில் 40 பதிவுகள் இருந்தன. மணி நேரங்களின் கூட்டுத்தொகை 180. அவர் நிரலின் கடைசி வரியில் இப்படி எழுதினார்:

```
print(sum(hours) / 40)
```

அவருடைய கிளையில் நிரல் 4.5 என்று காட்டியது. அவரிடம் இருந்த கோப்புக்கு அது சரியான விடை. தரவு மாணவர் நீக்கிய நான்கும் நேரம் 0 என்று இடப்பட்ட வெள்ளோட்டப் பதிவுகள் என்பதால், அவருடைய கிளையிலும் கூட்டுத்தொகை 180 தான். ஆனால் பதிவுகள் 36. அங்கே சரியான சராசரி 5.

இப்போது `git merge calc` கொடுத்தால் என்ன நடக்கும்? ஒருவர் தொட்டது `survey.csv`, மற்றவர் தொட்டது `average.py`. ஒரு வரிகூட மோதவில்லை. 8ஆம் கமிட் எந்தத் தடையுமின்றி உருவாகிறது. நிரலை ஓட்டினால் பிழைச் செய்தியும் வராது. 180ஐ 40ஆல் வகுத்து 4.5 என்றே சொல்கிறது. இரண்டு மாணவர்களும் தத்தம் கிளையில் சரியாகவே செய்தார்கள், இணைந்த பிறகு விடை தவறு.

கிட் வரிகளைத்தான் ஒப்பிடுகிறது, பொருளை அல்ல. 36 பதிவுகளும் 40 என்ற எண்ணும் ஒன்றையொன்று மறுப்பதை அறிய அதற்கு வழியில்லை. கண்டுபிடிக்கும் வழி ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் நிரலை ஓட்டி, கையால் போட்ட கணக்கோடு ஒப்பிடுவதுதான். மென்பொருள் குழுக்கள் தானியங்கிச் சோதனைகளை இணைப்பின்போது ஓட்டுவதன் காரணமும் இதுவே. திருத்தம் 9ஆம் கமிட்டாக `main` கிளையில் இடப்படுகிறது:

```
print(sum(hours) / len(hours))
```

இந்த ஸ்லைடில் இடப்பக்கம் 4ஆம் கமிட்டின் தரவையும் வலப்பக்கம் 5ஆம் கமிட்டின் வரியையும் வைத்து, நடுவில் 8ஆம் கமிட்டின் விடையை எழுதுங்கள். முதலில் விடையை மூடி வைத்து, என்ன வரும் என்று வகுப்பைக் கேட்பது பயன்தரும். பலர் முரண் வரும் என்றே சொல்வார்கள்.

முரண் வருவதைக் காட்டும் ஸ்லைடில் என்ன இருக்க வேண்டும்? குறிகளைப் பார்த்தாலே மாணவர்கள் பயந்துவிடுகிறார்கள்.

குறிகளை முதலில் காட்டுவதால்தான் பயப்படுகிறார்கள். அதற்கு முன்பே மூன்று பெட்டிகள் கொண்ட பழைய ஸ்லைடுக்குத் திரும்பி, இம்முறை தலைப்பு வரியை மட்டும் அவற்றில் எழுதுங்கள். மூதாதையில் "நூலகப் பயன்பாடு". `main` பக்கம், முன்னுரை மாணவியின் மாற்றத்தால், "மாணவர்களின் நூலகப் பயன்பாடு". `summary` பக்கம் "நூலகப் பயன்பாடு: ஓர் ஆய்வு". இரு பக்கமும் ஒரே வரியில் வெவ்வேறாக மாறியிருப்பதை அவர்களே பார்த்துவிடுவார்கள். விதியின் மூன்றாவது வாக்கியம் இங்கே பொருந்துகிறது. அதன்பின் கோப்பைத் திறங்கள்:

```
<<<<<<< HEAD
# மாணவர்களின் நூலகப் பயன்பாடு
=======
# நூலகப் பயன்பாடு: ஓர் ஆய்வு
>>>>>>> summary
```

மேல் பாதி நாம் நிற்கும் கிளை, கீழ்ப் பாதி உள்ளே வரும் கிளை. இந்த வடிவத்தில் மூதாதை காட்டப்படுவதில்லை, கற்பிப்பவருக்கு அதுதான் இதில் உள்ள குறை. கீழ்க்கண்ட அமைப்பை முன்கூட்டியே இட்டுவிட்டால், `|||||||` என்ற குறிக்குக் கீழே மூதாதையின் வரியும் தெரியும். மூன்று பெட்டிகளும் கோப்புக்குள் அப்படியே வந்து உட்கார்ந்துவிடும்.

```
git config merge.conflictStyle diff3
```

இந்த வரியில் ஒரு பக்கத்தைத் தேர்ந்து மறு பக்கத்தை எறிய வேண்டியதில்லை. மூதாதையோடு ஒப்பிட்டால், ஒருவர் முன்னே ஒரு சொல்லைச் சேர்த்தார், மற்றவர் பின்னே ஒரு தொடரைச் சேர்த்தார் என்பது தெளிவு. "மாணவர்களின் நூலகப் பயன்பாடு: ஓர் ஆய்வு" என்று எழுதிவிட்டுக் குறிகள் எல்லாவற்றையும் நீக்கி, `git add report.md` என்றும் `git commit` என்றும் கொடுத்தால் 10ஆம் கமிட் உருவாகிறது. முடிவுரை கோப்பின் கடைசியில் இருப்பதால் அது முரணில் சிக்கவே இல்லை. கிட் அதைத் தானாகவே சேர்த்துவிட்டது. ஒரு கோப்பில் முரண் வந்தால் முழுக் கோப்பையும் மீண்டும் எழுத வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

குறிகளில் ஒன்றை நீக்க மறந்து கமிட் செய்துவிடுவது அடிக்கடி நடக்கும். `git add` கொடுத்துவிட்டால் முரண் தீர்ந்ததாகவே கிட் எடுத்துக்கொள்ளும். உள்ளே குறி மிச்சம் இருக்கிறதா என்று அது தடுத்து நிறுத்துவதில்லை. `git diff --check` மிச்சக் குறிகளைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் அதை `git add` கொடுப்பதற்கு முன் ஓட்ட வேண்டும்.

அறிக்கையைத் தமிழில் எழுதினால், இருவர் வெவ்வேறு வாக்கியங்களைத் திருத்தினாலும் முரண் வருகிறது. ஏன்?

பெரும்பாலும் பத்தி முழுவதும் ஒரே வரியாக இருப்பதால். எழுதும் செயலி திரையின் அகலத்துக்கு ஏற்ப மடித்துக் காட்டலாம். ஆனால் எண்டர் தட்டாதவரை கிட்டுக்கு அது ஒரே வரி. பத்தியின் தொடக்கத்தை ஒருவரும் முடிவை இன்னொருவரும் திருத்தினால், இருவரும் ஒரே வரியைத் திருத்தியதாகிறது. வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதச் சொல்லுங்கள். `.md` கோப்பில் அடுத்தடுத்த வரிகள் பொதுவாக ஒரே பத்தியாகவே காட்சியளிக்கும். அப்போதும் அடுத்தடுத்த இரண்டு வரிகளை இருவர் தொட்டால், இடையில் மாறாத வரி ஒன்றும் இல்லாததால், கிட் முரண் என்றே சொல்லும் என்பதையும் கூறிவிடுங்கள்.

இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரிந்தும் முரண் வருமானால், குறியேற்றத்தைச் சந்தேகியுங்கள். யூனிகோடில் "கொ" என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, பைட்டுகள் வேறு. வெவ்வேறு விசைப்பலகைச் செயலிகளைப் பயன்படுத்தும் குழுவில் இது நிகழக்கூடும். விண்டோஸில் எழுதிய கோப்பின் வரிமுறிப்பு வேறாக இருப்பதும் இதே தோற்றத்தைத் தரும். அப்போது ஒரு வரி மட்டுமல்லாமல் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டும் என்பதால் எளிதில் அடையாளம் காணலாம்.

அறிக்கையை வேர்டு கோப்பாகவே வைத்துக்கொண்டால் என்ன?

சேமிக்கலாம், பழைய நிலைகளைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் இணைக்க முடியாது. `.docx` என்பது சுருக்கி அடைத்த கட்டு. உள்ளே உள்ள வரிகளைக் கிட்டால் ஒப்பிட முடியாது. இருவர் மாற்றியிருந்தால் ஒருவருடைய கோப்பை முழுமையாகத் தேர்ந்தெடுப்பதே மிஞ்சும். உங்கள் ஸ்லைடுக் கோப்புக்கும் இதே நிலைதான்.

முரணின் நடுவில் மாணவர் குழம்பிவிட்டார், அல்லது தவறாக இணைத்து முடித்தேவிட்டார். எப்படித் திரும்புவது?

இணைப்பு முடியாத நிலையில் `git merge --abort` கொடுத்தால் இணைக்கத் தொடங்கும் முன் இருந்த நிலைக்குத் திரும்பலாம். கமிட் செய்யாத வேறு மாற்றங்களைக் கையில் வைத்துக்கொண்டு இணைக்கத் தொடங்கியிருந்தால் அவை முழுமையாகத் திரும்பும் என்ற உறுதி இல்லை. ஆகவே இணைக்கும் முன் கையிலுள்ளதைக் கமிட் செய்யும் பழக்கத்தை முதலிலேயே சொல்லிக்கொடுங்கள்.

இணைப்பு முடிந்து, இன்னும் யாருக்கும் அனுப்பப்படாமல் இருந்தால் உடனே `git reset --hard ORIG_HEAD` கொடுத்துச் சீட்டைப் பழைய வட்டத்துக்கு நகர்த்தலாம். அனுப்பிவிட்டால் `git revert -m 1` என்பதோடு அந்த இணைப்புக் கமிட்டின் அடையாளத்தையும் கொடுத்து எதிர்மாற்றக் கமிட் ஒன்றை இட வேண்டும். ஒரு சிக்கல் உண்டு: அப்படி எதிர்மாற்றம் செய்த கிளையை மீண்டும் இணைத்தால் அதன் பழைய மாற்றங்கள் திரும்பி வரமாட்டா, ஏனெனில் அவை ஏற்கெனவே இணைந்தவை என்றே வரலாறு சொல்கிறது. எதிர்மாற்றத்துக்கே எதிர்மாற்றம் செய்ய வேண்டும். இதை முதல் ஸ்லைடுத் தொகுப்பில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. கேள்வி வந்தால் கரும்பலகையில் வரையலாம்.

இணைத்த பிறகு கிளையை அழித்தால் அந்த மாணவரின் வேலை போய்விடாதா?

போகாது. `git branch -d intro` அழிப்பது சீட்டை மட்டுமே. 3ஆம் வட்டம் 10ஆம் வட்டத்திலிருந்து பெற்றோர் அம்புகளைப் பின்தொடர்ந்து வந்தால் எட்டக்கூடிய இடத்தில் இருக்கிறது. `main` இருக்கும்வரை அதுவும் இருக்கும். இன்னும் இணைக்கப்படாத கிளையை `-d` கொண்டு அழிக்க முயன்றால் கிட் மறுத்துவிடும். `-D` என்று பெரிய எழுத்தில் கொடுத்தால் மட்டுமே அழிக்கும்.

நால்வரும் நான்கு கணினிகளில் இருப்பார்களே, அதை எந்த ஸ்லைடில் கொண்டுவருவது?

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே களஞ்சியத்துக்குள் நடப்பதாகவே முதலில் காட்டி முடியுங்கள். பொதுச் சேவையகத்தையும் அங்கே அனுப்புவதையும் பெறுவதையும் தொடக்கத்திலேயே கலந்தால், கிளையால் வரும் சிக்கல் எது, கணினிகள் வேறாக இருப்பதால் வரும் சிக்கல் எது என்று மாணவர்களால் பிரித்தறிய முடியாது.

அதன்பின் ஒரு ஸ்லைடு போதும். தரவு மாணவர் தம் கணினியில் 7ஆம் கமிட் வரை இணைத்துச் சேவையகத்துக்கு அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மாணவரின் கணினியில் `main` இன்னும் 3ஆம் கமிட்டில் இருக்கிறது. அவர் அங்கேயே தம் கிளையை இணைத்து `git push` கொடுக்கிறார். சேவையகம் மறுத்து `rejected` என்றும் `fetch first` என்றும் எழுதும். இது முரண் அன்று. எந்த வரியும் மோதவில்லை. சேவையகத்தின் `main` சீட்டை நேர் வாரிசுக்கு மட்டுமே நகர்த்த முடியும், அவர் அனுப்பும் கமிட்டோ 7ஆம் கமிட்டின் வாரிசு அல்ல. `git pull --no-rebase` கொடுத்தால் சேவையகத்தின் நிலை இறங்கி அவருடையதோடு இணையும். அதுவும் மூன்று பெட்டிகள் கொண்ட அதே இணைப்புதான், மூதாதை மட்டும் இப்போது 3ஆம் கமிட். அதன்பின் அனுப்பினால் ஏற்கப்படும். `--force` என்று சேர்த்தால் மறுப்பு வராது, ஆனால் 7ஆம் கமிட் சேவையகத்தின் `main` வரலாற்றிலிருந்து நீங்கிவிடும். தரவு மாணவரின் கணினியில் அது இருக்கும்வரை அங்கிருந்து மீண்டும் அனுப்பிக்கொள்ளலாம்.